கணக்கு ஆசிரியை இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைனர் வேலைக்கு ரெக்ரூட்டரிடம் என்ன எழுதுவது?

கேள்வி: "திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் 11 ஆண்டுகளாகக் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். கார்ப்பரேட் நிறுவனங்களில், பணியாளர்களுக்கான பயிற்சிப் பாடங்களை வடிவமைக்கும் இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைனர் வேலைக்கு மாற விரும்புகிறேன். லிங்க்ட்இன் வழியாக ஏறக்குறைய 40 ரெக்ரூட்டர்களுக்கு எழுதிவிட்டேன். ஒருவர்தான் பதில் போட்டார், அவரும் டியூஷன் நிறுவன வேலையைச் சொன்னார். நான் அனுப்பியது இதுதான்: 'மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர், நான் 11 ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியை. கற்பித்தலில் மிகுந்த ஈடுபாடு கொண்டவள். கார்ப்பரேட் துறைக்கு மாற விரும்புகிறேன். பொருத்தமான வாய்ப்பு இருந்தால் தெரிவிக்கவும். பயோடேட்டா இணைத்துள்ளேன்.' இதில் என்ன தவறு? ஏழாம் வகுப்பில் பின்னக் கூட்டலில் 42 பேரில் 19 பேர் ஒரே பிழையைச் செய்ததைக் கண்டுபிடித்து, புதிய பயிற்சித்தாள் தயாரித்தேன். மூன்று வாரம் கழித்து அது 6 பேராகக் குறைந்தது. இதையெல்லாம் அவர்களிடம் சொல்லலாமா? மாதிரி வேலை என்று காட்ட என்னிடம் எதுவும் இல்லை."

ரெக்ரூட்டரின் மேசையில் எப்போதும் ஒரு பட்டியல் இருக்கும். ஏதோ ஓர் அணியின் மேலாளர் கேட்டிருப்பார்: இன்ன பதவி, இத்தனை ஆண்டு அனுபவம், இன்ன ஊர், இந்த மாதத்துக்குள் ஆள் வேண்டும். உங்கள் செய்தியைத் திறக்கும்போது அவர் மனத்தில் ஓடுவது ஒன்றுதான்: "இதை அந்த மேலாளருக்கு இரண்டு வரி சேர்த்து அனுப்பிவைக்க முடியுமா?" நீங்கள் எழுதியதில் அனுப்பிவைக்க எதுவும் இல்லை. பதவியின் பெயர்கூட இல்லை. 11 ஆண்டு ஆசிரியை என்றால் பயிற்சியாளராக வரலாம், பாடநூல் உள்ளடக்கம் எழுதலாம், டியூஷன் நிறுவனத்தில் கணக்குச் சொல்லித்தரலாம். எது உங்களுக்குப் பொருந்தும் என்று யோசிக்கும் வேலையை அவரிடம் விட்டுவிட்டீர்கள். அவர் யோசித்தார், டியூஷன் வேலையைச் சொன்னார். அவர்மேல் குறை சொல்ல முடியாது.

நான் ஆறு ஆண்டுகள் பள்ளியில் அறிவியல் கற்பித்துவிட்டு இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைனர் தொழிலுக்கு வந்தவன். சென்னையில் 12 ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறேன். கடைசி ஏழு ஆண்டுகளாக எங்கள் அணிக்கு ஆள் எடுப்பதிலும் பங்கு உண்டு. ரெக்ரூட்டர் அனுப்பிவைக்கும் செய்திகள் வந்து சேரும் இடத்தில் நான் இருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்வது சென்னை, பெங்களூரு நிறுவனங்களில் நான் பார்த்தது. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்வதைப் பற்றிக் கேட்டீர்கள் என்றால், அங்கே ஆள் எடுத்த அனுபவம் எனக்கு இல்லை.

முதலில், யாருக்கு எழுதுகிறீர்கள் என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். ரெக்ரூட்டர்களில் இரண்டு வகை. ஒருவர் ஏஜென்சியில் இருப்பவர். காலையில் ஜாவா புரோகிராமர், மதியம் கணக்காளர், மாலையில் இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைனர் என்று தேடுவார். இந்த வேலை என்னவென்று அவருக்கு முழுதாகத் தெரிந்திருக்காது. அறிவிப்பில் உள்ள சொற்கள் உங்கள் செய்தியிலும் இருக்கின்றனவா என்றுதான் பார்ப்பார். இன்னொருவர் நிறுவனத்தின் உள்ளேயே இருப்பவர். அவர் அந்த மேலாளரோடு தினமும் பேசுகிறவர், மாதிரி வேலையைத் திறந்து பார்க்கும் பொறுமை உள்ளவர். பள்ளியிலிருந்து வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் கதவு திறப்பது இரண்டாம் வகையினரிடம்தான். அதிலும், மற்ற நிறுவனங்களுக்காக இ-லேர்னிங் பாடங்கள் செய்து கொடுக்கும் நிறுவனங்களில் புதியவர்களை எடுக்கும் வழக்கம் அதிகம். வங்கியோ மருந்து நிறுவனமோ தன் சொந்தப் பயிற்சித் துறைக்கு ஆள் எடுக்கும்போது ஏற்கெனவே இந்த வேலையைச் செய்தவரையே தேடும். 40 பேருக்கு ஒரே செய்தி அனுப்பியதைவிட, இந்த இ-லேர்னிங் நிறுவனங்களில் பத்தைத் தேர்ந்து, அறிவிப்பைப் படித்து, தனித்தனியாக எழுதியிருந்தால் பலன் கூடுதலாக இருந்திருக்கும்.

இனி உங்கள் பின்னக் கணக்குக்கு வருகிறேன். சொல்லலாமா என்று தயங்கிக் கேட்கிறீர்கள். உங்கள் கேள்வியிலேயே மிக மதிப்புள்ள வரி அதுதான். பயோடேட்டாவிலும் அது இல்லை என்று நினைக்கிறேன். அங்கே "100 சதவீதத் தேர்ச்சி" என்றுதான் இருக்கும். 1/4 + 1/3 என்று கொடுத்தால் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி 2/7 என்று பிள்ளைகள் எழுதுவார்கள். நீங்கள் பார்த்தது அநேகமாக இந்தப் பிழையாகத்தான் இருக்கும். இன்னொருவர் இதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையில் அடித்துவிட்டு, அதே பாடத்தை இன்னொருமுறை உரக்க நடத்துவார். நீங்கள் விடைத்தாள்களைப் பிரித்து எண்ணினீர்கள். பிழை தற்செயலானதல்ல, 19 பிள்ளைகள் மனத்தில் ஒரே தவறான விதி இருக்கிறது என்று கண்டீர்கள். அந்த விதியை உடைக்கும் கேள்விகளாகப் பயிற்சித்தாளைச் செய்தீர்கள். 2/7 என்பது 1/3-ஐவிடச் சின்னது. மூன்றில் ஒரு பங்கோடு கால் பங்கைச் சேர்த்த பிறகு எப்படிக் குறையும் என்று கேட்டாலே பிள்ளை நிமிர்ந்து உட்காரும். பிறகு மூன்று வாரம் இடைவெளி விட்டு மறுபடி சோதித்தீர்கள். மறுநாளே சோதித்திருந்தால் அது நினைவாற்றலைத்தான் காட்டியிருக்கும்.

எங்கள் தொழிலில் இதற்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. தேவையை ஆராய்வது, வடிவமைப்பது, உருவாக்குவது, நடைமுறைப்படுத்துவது, மதிப்பிடுவது என்ற ஐந்து கட்டங்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஆடி (ADDIE) என்பார்கள். 1975-இல் அமெரிக்க ராணுவப் பயிற்சிக்காக ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான முறையிலிருந்து வந்தது. உங்கள் பயிற்சித்தாள் கதை இந்த ஐந்தையும் தொடுகிறது. ஆனால் செய்தியில் "ஆடி முறையில் வல்லவள்" என்று எழுதாதீர்கள். பெயரை எல்லோரும் எழுதுகிறார்கள். 19 என்பதையும் 6 என்பதையும் யாரும் எழுதுவதில்லை.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஆசிரியர்கள் மாறும்போது எழுதும் செய்திகளில் நான் அடிக்கடி பார்க்கும் குறை, பள்ளி வேலைக்கெல்லாம் கார்ப்பரேட் சட்டை போட்டுவிடுவது. பெற்றோர் கூட்டம் வாடிக்கையாளர் உறவு மேலாண்மை ஆகிவிடும். ஆண்டுவிழா நடத்தியது திட்ட மேலாண்மை ஆகிவிடும். படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடுகிறது, அதன் பிறகு உண்மையான வரியையும் அவர் சந்தேகத்தோடுதான் படிக்கிறார். 42 பிள்ளைகள் என்றே எழுதுங்கள். பயிற்சித்தாள் என்றே எழுதுங்கள். கார்ப்பரேட் அனுபவம் இல்லை என்பதையும் ஒரு வரியில் நீங்களே சொல்லிவிடுங்கள். அதை மறைத்த செய்தியைவிட, சொல்லிவிட்டு அடுத்த வரியில் சான்று காட்டும் செய்தியை நான் எப்போதும் மேலே வைத்திருக்கிறேன்.

அந்தச் சான்றுதான் உங்களிடம் இல்லாதது. மாதிரி வேலை இல்லாமல் இன்னும் 40 பேருக்கு எழுதினாலும் பெரிதாக மாறாது. எனவே இரண்டு வாரம் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரே ஒரு மாதிரி செய்யுங்கள். அது பாடப்புத்தகத்திலிருந்து வரக் கூடாது. நான் வேலை தேடியபோது காட்டிய முதல் மாதிரி ஒளிச்சேர்க்கையைப் பற்றியது, அழகாகத்தான் செய்திருந்தேன். அதைப் பார்த்த மேலாளர், "எங்கள் வாடிக்கையாளர் ஒரு வங்கி. கிளையில் நிற்கிறவருக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். பதில் என்னிடம் இல்லை. பள்ளியில் பாடத்திட்டம் மேலிருந்து வந்துவிடும்; எப்படி நடத்துவது என்பதுதான் நம் கையில். நிறுவனத்தில் முதல் கேள்வியே வேறு: வேலையில் என்ன தவறு நடக்கிறது, அதற்குப் பயிற்சிதான் மருந்தா? இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் மாதிரி காட்ட வேண்டும்.

எங்கள் அணியில் சேர்ந்த ஓர் உயிரியல் ஆசிரியை என்ன செய்தார் என்று சொல்கிறேன். அவருடைய உறவினர் ஒருவர் மருந்துக் கடை வைத்திருந்தார். அங்கே இன்சுலின் அடிக்கடி வீணாகிக்கொண்டிருந்தது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். உறைந்துவிட்டால் பிறகு உருகினாலும் பயன்படுத்தக் கூடாது. கடை வேலையாட்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தால் சரியாகிவிடும் என்று உறவினர் நினைத்தார். ஆசிரியை இரண்டு நாள் கடையில் உட்கார்ந்து பார்த்தார். சரக்குப் பெட்டி வருவது கூட்டம் நெரியும் நேரத்தில். பையன் பெட்டியைப் பில் போடும் மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடுகிறான். பிறகு ஒருவழியாகக் குளிர்பெட்டியில் வைக்கும்போது, இடம் இருக்கும் மேல்தட்டில், உறைபெட்டியை ஒட்டித் திணிக்கிறான். குளிர்பெட்டிக்குள் வெப்பமானியே இல்லை. அவர் எழுதிய ஒரு பக்கக் குறிப்பின் முதல் இரண்டு வரிகள்: ஒரு வெப்பமானி வாங்குங்கள், மேல்தட்டில் 'இங்கே இன்சுலின் வைக்காதீர்கள்' என்று ஒட்டுங்கள், இந்த இரண்டுக்கும் பயிற்சி தேவையில்லை. மீதமிருந்த ஒரே ஒரு முடிவுக்கு, அதாவது கூட்டத்துக்கு நடுவில் பெட்டி வந்தால் எதை முதலில் செய்வது என்பதற்கு மட்டும், ஆறு திரைகளில் ஒரு சிறு பாடம் செய்தார். பயிற்சி வேண்டாம் என்று எழுதிய அந்த இரண்டு வரிகளுக்காகவே அவரை நேர்காணலுக்கு அழைத்தோம்.

அவர் எழுதிய கற்றல் நோக்கத்தைப் பாருங்கள்: "சரக்குப் பெட்டி வந்ததும், அட்டையில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலைக் குறிப்பைப் பார்த்து, குளிரில் வைக்க வேண்டியவற்றைப் பத்து நிமிடத்துக்குள் பிரித்து நடுத்தட்டில் வைப்பார்." எந்தச் சூழலில், என்ன செய்வார், எந்த அளவுக்குச் சரியாக என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ராபர்ட் மேகர் 1962-இல் வகுத்துக் கொடுத்த இந்த மூன்று பகுதிகளைத்தான் நாங்கள் இன்றும் பார்க்கிறோம். பி.எட். படித்த உங்களுக்கு, கற்றல் நோக்கங்களைப் படிநிலைகளாகப் பிரிக்கும் புளூமின் வகைப்பாடு மனப்பாடமாக இருக்கும். ஆனால் பள்ளிப் பாடக்குறிப்பில் "மாணவர் அறிந்துகொள்வார், புரிந்துகொள்வார்" என்று எழுதிப் பழகிய கை அதே சொல்லைத்தான் மறுபடி எழுதும். 'புரிந்துகொள்வார்' என்று முடியும் நோக்கத்தை மாதிரியில் கண்டால் எங்களில் பலர் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவோம். கடையில் போய் நின்று கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக அது இருக்க வேண்டும்.

பாடத்தை மென்பொருளில் செய்து முடித்திருக்க வேண்டும் என்று நினைத்துப் பலர் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். ஸ்டோரிபோர்டு போதும். வேர்டு கோப்பில் ஒரு திரைக்கு ஓர் அட்டவணை: திரையில் தெரியும் எழுத்து, குரலில் ஒலிக்கும் உரை, படம், கற்பவர் என்ன செய்கிறார், பாடத்தை மென்பொருளில் செய்யும் உருவாக்குநருக்கான குறிப்பு. மருந்துக் கடை ஸ்டோரிபோர்டின் மூன்றாம் திரை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. படத்தில் மேசை, எதிரே நான்கு பேர், மேசைக்குக் கீழே பிரிக்காத பெட்டி. திரையில் ஒரே வரி: "முன்னால் நிற்கும் பெரியவர் சீட்டை நீட்டுகிறார். நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" மூன்று தெரிவுகள். பெரியவரை முதலில் கவனிப்பதைத் தெரிவு செய்தால் 'தவறு' என்று வராது. அடுத்த திரையில் மணி மூன்றாகியிருக்கும். உறவினர் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். விளைவே பாடத்தைச் சொல்லிவிடுகிறது. உருவாக்குநருக்கான குறிப்பில், "கடிகாரம் மூன்று திரைகளிலும் ஒரே இடத்தில் இருக்கட்டும்" என்று எழுதியிருந்தார். வகுப்பறையில் பிள்ளையின் முகத்தைப் பார்த்து நாம் அந்த நொடியே பேச்சை மாற்றிக்கொள்வோம். இங்கே நாம் அந்த அறையில் இருக்க மாட்டோம். வகுப்பறையில் சொல்லியிருக்கக்கூடியதையெல்லாம் முன்கூட்டியே திரையில் வைத்துவிட வேண்டும். அந்த மாற்றம் உங்களுக்குப் புரிந்துவிட்டது என்பதை இப்படிப்பட்ட சின்னக் குறிப்புகள் காட்டிக்கொடுக்கும்.

உங்களுக்கு மருந்துக் கடை வேண்டாம். தெரிந்தவர் ஒருவருடைய துணிக்கடையில், வாங்கிய துணியை மாற்றித்தரக் கேட்டு வரும் வாடிக்கையாளரிடம் புதிய பில்லிங் பணியாளர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்க்கலாம். கடையின் பெயரும் கணக்கும் வெளியே வராமல், அனுமதி கேட்டுச் செய்யுங்கள். இரண்டு நாள் பார்ப்பதற்கு, ஒரு நாள் கடைக்காரரிடமும் அனுபவமுள்ள பணியாளரிடமும் கேட்பதற்கு, ஐந்தாறு நாள் எழுதுவதற்கு, பிறகு யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லித் திருத்துவதற்கு என்று வைத்தால் இரண்டு வாரத்தில் முடியும்.

மாதிரியின் இணைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு வரும் இணைப்புகளில் கணிசமானவை திறப்பதே இல்லை. கூகுள் டிரைவில் ஏற்றிவிட்டு, பகிர்வு அமைப்பை `Restricted` என்றே விட்டுவிடுகிறார்கள். நான் சொடுக்கினால் அனுமதி கேட்கும் பக்கம் வருகிறது. ரெக்ரூட்டர் அனுமதி கேட்டுக் காத்திருக்க மாட்டார். அதை `Anyone with the link` என்று மாற்றி, உங்கள் கணக்கில் நுழையாத இன்னொருவரின் கைபேசியில் திறந்து பாருங்கள். கைபேசியில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அவர் பெரும்பாலும் அதில்தான் முதலில் பார்ப்பார். அகலமான அட்டவணை அங்கே ஓரம் வெட்டுப்பட்டுத் தெரியும். வேர்டு கோப்பைப் பிடிஎஃப் ஆக மாற்றி ஏற்றினால் அந்தத் தொல்லை குறையும்.

இப்போது செய்தி. ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள், வரிசை புரிவதற்காகத் தமிழில் எழுதிக் காட்டுகிறேன். உங்கள் மாதிரி எதுவோ அது துணிக்கடையின் இடத்தில் வரட்டும், தேதியும் உங்களுடையதாக இருக்கட்டும்.

"வணக்கம், (அவருடைய பெயர்). உங்கள் நிறுவனம் சென்னை அலுவலகத்துக்கு அறிவித்திருக்கும் இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைனர் பணி தொடர்பாக எழுதுகிறேன். நான் 11 ஆண்டுகளாகப் பள்ளியில் கணக்கு கற்பிக்கிறேன். கார்ப்பரேட் பயிற்சித் துறையில் இதுவரை வேலை செய்ததில்லை. சென்ற ஆண்டு ஏழாம் வகுப்பில் 42 மாணவர்களின் விடைத்தாள்களை ஆராய்ந்து, பின்னக் கூட்டலில் 19 பேர் ஒரே தவறான விதியைப் பின்பற்றுவதைக் கண்டேன். அதற்கென ஒரு பயிற்சித்தாளை வடிவமைத்தேன். மூன்று வாரம் கழித்து மறுபடி சோதித்தபோது அது 6 பேராகக் குறைந்திருந்தது. இதே முறையில், ஒரு துணிக்கடையில் பொருள் மாற்றித்தரும் பணியைப் பார்த்து, புதிய பில்லிங் பணியாளர்களுக்காக ஆறு திரை ஸ்டோரிபோர்டு ஒன்றை எழுதியிருக்கிறேன். எதற்குப் பயிற்சி தேவையில்லை என்ற குறிப்பும் அதில் உண்டு. படிக்க ஐந்து நிமிடம் ஆகும்: (இணைப்பு). மே முதல் வாரத்திலிருந்து சேர முடியும். சென்னைக்கு இடம் மாறத் தயார். இந்தப் பணிக்கு முன் அனுபவம் கட்டாயமா என்று தெரிவிக்க முடியுமா?"

மரியாதை வாசகங்கள் எங்கே போயின என்று தேடுவீர்கள். 'மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்' என்றால் யாருக்கு எழுதுகிறோம் என்றே பார்க்காமல் எழுதியது என்று பொருளாகிவிடுகிறது. அவர் பெயரைப் பிழையின்றி எழுதுவதுதான் இங்கே மரியாதை. 'ஈடுபாடு' போன்ற சொற்களை எடுத்துவிட்டேன். விடைத்தாளைப் பிரித்து எண்ணியவளின் ஈடுபாட்டை யாரும் சந்தேகிக்கப்போவதில்லை. கடைசிக் கேள்வி 'ஆம்', 'இல்லை' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடியது. 'வாய்ப்பு இருந்தால் தெரிவிக்கவும்' என்பதற்கு அவர் பதில் எழுத வேண்டுமென்றால் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். இதற்குக் கைபேசியில் இரண்டு விரல் போதும். 'கட்டாயம்தான்' என்று பதில் வந்தாலும் ஒரு பேச்சு தொடங்கிவிட்டது. புதியவர்களை எடுக்கும்போது சொல்லுங்கள் என்று அங்கேயே கேட்டுவைக்கலாம்.

லிங்க்ட்இன்னில் அறிமுகம் இல்லாதவருக்கு இணைப்புக் கோரிக்கையோடு அனுப்பும் குறிப்பில் இவ்வளவும் அடங்காது. அங்கே மூன்று விஷயம் மட்டும் போதும்: எந்தப் பணி, நீங்கள் யார், மாதிரி இருக்கிறது. அவர் ஏற்றுக்கொண்ட பிறகு முழுச் செய்தியையும் அனுப்புங்கள். பயோடேட்டாவை அவர் கேட்கும்போது கொடுத்தால் போதும் என்பது என் வழக்கம். ஆனால் ஏஜென்சிக்காரர்கள் அது இல்லாமல் அடுத்த அடி எடுத்துவைக்க மாட்டார்கள்; அவர்களுக்கு முதலிலேயே இணைத்துவிடுங்கள், அறிவிப்பில் உள்ள பதவிப் பெயரையே தலைப்பில் வைத்து.

இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் உள்ளவற்றையும் சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் படிப்பு உதவுமா என்று அடுத்து கேட்பீர்கள். சில நிறுவனங்களில் முதல் சல்லடையைத் தாண்ட உதவியதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் அணியில் அது ஒருமுறைகூட முடிவை மாற்றியதில்லை. பெரிய தொகை கட்டி, வேலைக்கு உத்தரவாதம் என்று விளம்பரம் செய்யும் படிப்பில் சேர்வதாக இருந்தால், அங்கே படித்தவர் ஒருவரின் ஸ்டோரிபோர்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பாடத்தைத் திரைகளாக உருவாக்கும் ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன் போன்ற மென்பொருள் தெரிந்திருக்க வேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும். பெரிய அணிகளில் எழுதுபவர் வேறு, உருவாக்குபவர் வேறு. சின்ன நிறுவனங்களில் ஒருவரே இரண்டையும் செய்ய வேண்டும். அறிவிப்பில் அந்தப் பெயர் இருந்தால், இலவசச் சோதனைக் காலத்தில் உங்கள் ஆறு திரைகளில் இரண்டையாவது அதில் செய்து பாருங்கள். செய்தியில் "அடிப்படை அளவில் தெரியும்" என்று மட்டும் எழுதுங்கள். முதல் வரியிலேயே ஆசிரியை என்று சொல்வதா, மாதிரியைச் சொல்லிவிட்டுப் பிறகு சொல்வதா என்பதில் என் சக ஊழியர்களிடையேயே ஒத்த கருத்து இல்லை. முதலிலேயே சொல்வது என் பழக்கம். பத்துப் பேருக்கு எழுதும்போது ஐந்து பேருக்கு ஒரு விதமாகவும் ஐந்து பேருக்கு இன்னொரு விதமாகவும் எழுதிப் பாருங்கள். அவ்வளவு சிறிய எண்ணிக்கை எதையும் நிரூபிக்காது என்றாலும், எது உங்கள் குரலுக்கு இயல்பாக இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பதில் வந்தால் பெரும்பாலும் மூன்று கேள்விகள் அடுத்தடுத்து வரும். இப்போது என்ன சம்பளம், எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள், எப்போது சேர்வீர்கள். தனியார் பள்ளிச் சம்பளத்தை வைத்து அதற்குமேல் சதவீதம் போடுவது இங்கே வழக்கம். ஆசிரியர்களுக்கு அது பெரிய இழப்பு. இப்போதைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள், சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் கேட்பார்கள். உள்ளதைச் சொல்லிவிட்டு, "துறை மாறுவதால் இந்தப் பதவிக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கும் அளவை வைத்துப் பேசலாமா?" என்று கேளுங்கள். எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை, கேட்டதற்காக யாரும் விலக்கியதை நான் பார்த்ததும் இல்லை. முதல் செய்தியில் மட்டும் சம்பளப் பேச்சு வேண்டாம்.

சேரும் தேதியில் கவனமாக இருங்கள். கல்வியாண்டின் நடுவில் விட்டுப் போக பள்ளி சம்மதிக்காது. சில பள்ளிகள் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டிருக்கும். உங்கள் பள்ளியும் அப்படியென்றால், அவற்றைத் திரும்பப் பெற எத்தனை நாள் ஆகும் என்று விசாரித்துவிட்டுத் தேதி சொல்லுங்கள். நிறுவனங்கள் பணி விடுவிப்புக் கடிதமும் அனுபவச் சான்றும் கேட்கும், பள்ளிக்கே போன் செய்து சரிபார்ப்பதும் உண்டு. மே முதல் வாரம் என்று சொல்லிவிட்டு ஜூன் பாதியில் வந்து நிற்பதைவிட, ஜூன் என்றே முதலில் சொல்வது மேல்.

நான்காவதாக ஒன்று வரலாம்: எழுத்துத் தேர்வு. பத்துப் பதினைந்து பக்கம் ஒழுங்கில்லாத ஆவணம் ஒன்றை அனுப்பி, ஓரிரு நாளில் சில திரைகளுக்கு ஸ்டோரிபோர்டு கேட்பார்கள். முழு ஆவணத்தையும் திரைகளில் அடைக்க முயல்வதுதான் ஆசிரியர்கள் அங்கே செய்யும் பிழை. பாடத்தை முடிக்க வேண்டும் என்ற பழக்கம் அது. எதை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று மேலே மூன்று வரி எழுதி அனுப்புங்கள். ஐந்தாறு திரையைத் தாண்டி, வாடிக்கையாளருக்கு அப்படியே கொடுக்கக்கூடிய முழுப் பாடத்தையே கேட்டால், அது தேர்வு இல்லை, கூலியில்லா வேலை. "மாதிரிக்கு ஐந்து திரை செய்து தருகிறேன்" என்று பதில் போடலாம்.

பதிலே வராவிட்டால் எட்டு அல்லது பத்து நாள் கழித்து ஒருமுறை மட்டும் நினைவூட்டுங்கள். "என் செய்தியைப் பார்த்தீர்களா" என்று கேட்க வேண்டாம். புதிதாக ஒன்றைச் சொல்லுங்கள். "அந்த ஸ்டோரிபோர்டைக் கடைக்காரரிடம் காட்டினேன், நான்காம் திரையில் அவர் சொன்ன திருத்தத்தைச் சேர்த்திருக்கிறேன், இணைப்பு அதேதான்." அவர் சொன்னது என்ன, நீங்கள் எதை மாற்றினீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். துறை வல்லுநர் சொல்வதைக் கேட்டுத் திருத்துவதுதான் இந்த வேலையில் பாதி நாள் நடப்பது. அதைச் செய்கிறவர் என்று ரெக்ரூட்டர் மேலாளருக்கு எழுத அந்த ஒரு வரி போதும்.